மூன்று பேனல் ஸ்ட்ரிங்குக்கு எந்த இன்வெர்ட்டர்? தரவுத்தாளைப் படிக்கும் முறை

கேள்வி: எங்கள் வீட்டு மாடியில் 540 வாட் பேனல் பத்து போடப் போகிறோம். இடம் போதாததால் தெற்கு பார்த்து ஏழு, மாடிப்படி அறையின் மேல் மேற்கு பார்த்து மூன்று. 5 கிலோவாட் இன்வெர்ட்டர் இரண்டின் தரவுத்தாள்களைக் கொடுத்திருக்கிறார்கள். தொடக்க வோல்டேஜ், எம்பிபிடி வரம்பு, அதிகபட்ச உள்ளீட்டு மின்னோட்டம், யூரோ செயல்திறன் என்று வரிசையாக எண்கள். முதலாவதில் யூரோ செயல்திறன் 97.4, இரண்டாவதில் 96.9. ஆகவே முதலாவதுதான் நல்லது என்கிறார் விற்பவர். எதைப் பார்த்து முடிவு செய்வது?

பதில்:

விற்பவர் காட்டும் அந்த அரை சதவீதத்தைக் கடைசியில் பார்ப்போம். உங்கள் வீட்டைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் தீர்மானிக்கப்போவது மாடிப்படி அறையின் மேல் உட்காரும் அந்த மூன்று பேனல்கள். தரவுத்தாளின் ஒவ்வொரு வரியையும் அவற்றை மனத்தில் வைத்துப் படியுங்கள். ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் கோத்த பேனல் வரிசையைத்தான் ஸ்ட்ரிங் என்கிறார்கள்.

இன்வெர்ட்டர் தாளைத் தனியாகப் படிப்பதில் பயனில்லை. பேனலின் தாளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 540 வாட் மோனோ பெர்க் பேனல்களில் எண்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். சுமை எதுவும் இல்லாதபோது, அதாவது திறந்த சுற்றில், 49.5 வோல்ட். உச்சத் திறன் தரும்போது 41.6 வோல்ட், 12.97 ஆம்பியர். இரண்டு முனைகளையும் நேரடியாக இணைத்தால், அதாவது குறுக்குச் சுற்றில், 13.86 ஆம்பியர். இவையெல்லாம் ஆய்வகத்தில், செல்லின் வெப்பநிலை 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தவை. நம் ஊர் மொட்டை மாடியில் செல் 25 டிகிரியில் இருப்பது விடிகாலையில் மட்டும்தான். காற்று 36 டிகிரி இருக்கும் நண்பகலில் செல் 65 முதல் 70 டிகிரி வரை போகும். சூடு ஏற ஏற வோல்டேஜ் இறங்கும். திறந்த சுற்று வோல்டேஜ் டிகிரிக்கு 0.27 சதவீதம் குறைகிறது என்று பேனல் தாளிலேயே போட்டிருக்கும். வேலை செய்யும் வோல்டேஜ் அதைவிடச் சற்று வேகமாக, டிகிரிக்குச் சுமார் 0.35 சதவீதம் குறையும். 70 டிகிரியில் கணக்குப் போட்டால் ஒரு பேனலின் திறந்த சுற்று வோல்டேஜ் 43.5, வேலை வோல்டேஜ் 35. இந்த இரண்டு எண்களையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தொடக்க வோல்டேஜ். உங்கள் முதல் தாளில் 150 வோல்ட், இரண்டாவதில் 100 வோல்ட். இன்வெர்ட்டர் தூக்கத்திலிருந்து விழித்து, மின்வாரிய லைனோடு இணையும் முயற்சியைத் தொடங்க அதன் டிசி முனைகளில் இருக்கவேண்டிய வோல்டேஜ் அது. வேலையைத் தொடர்ந்து செய்ய அவ்வளவு தேவையில்லை. தொடங்கிய பிறகு அதைவிடக் குறைந்த வோல்டேஜிலும் ஓடும். ஏன் இப்படி இரண்டு எண்கள் என்றால், விடியும்போது பேனலின் திறந்த சுற்று வோல்டேஜ் விறுவிறுவென்று ஏறிவிடும். வெயில் முழு அளவில் இருபதில் ஒரு பங்கு இருந்தாலே வோல்டேஜ் தொண்ணூறு சதவீதத்தை எட்டிவிடும். ஆனால் அந்த வோல்டேஜுக்குப் பின்னால் சரக்கு இல்லை. இன்வெர்ட்டர் கொஞ்சம் மின்னோட்டத்தை இழுத்தவுடன் வோல்டேஜ் சரிந்துவிடும், இன்வெர்ட்டர் அணையும், சுமை போனதும் வோல்டேஜ் மறுபடி ஏறும், மறுபடி விழிக்கும். உள்ளே ரிலே டக்டக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும். அதைத் தவிர்க்கத்தான் தொடங்கும் வாசலை உயரத்திலும் அணையும் வாசலைத் தாழ்விலும் வைக்கிறார்கள்.

உங்கள் மூன்று பேனல் ஸ்ட்ரிங்கின் திறந்த சுற்று வோல்டேஜ் ஆய்வக நிலையிலேயே 148.5தான். விடியற்காலை மங்கலான வெளிச்சத்தில் 130ஐச் சுற்றி இருக்கும். ஆகவே அந்த மூன்றை மட்டும் நம்பியிருந்தால் முதல் இன்வெர்ட்டர் வருடம் முழுவதும் விழிக்கவே விழிக்காது. ஆனால் பயப்பட வேண்டாம், உங்களிடம் ஏழு பேனல் ஸ்ட்ரிங்கும் இருக்கிறது. விடியலிலேயே அது 300 வோல்ட் அளவுக்குக் காட்டும். எம்பிபிடி என்பது பேனல் அதிகத் திறன் தரும் புள்ளியைத் தேடிப் பிடிக்கும் உள்ளீட்டுச் சுற்று. அது இரண்டு உள்ள இன்வெர்ட்டர்கள் பெரும்பாலானவற்றில் ஏதாவது ஒரு ஸ்ட்ரிங் தொடக்க வோல்டேஜைத் தாண்டினால் போதும், கட்டுப்பாட்டுப் பலகை உயிர் பெற்றுவிடும். இதை மட்டும் தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தொடக்க வோல்டேஜ் என்ற வரி, ஒரே ஒரு குட்டி ஸ்ட்ரிங் வைத்திருப்பவருக்குத்தான் உயிர்ப் பிரச்சினை.

உங்களுக்கு உயிர்ப் பிரச்சினை அடுத்த வரியில் இருக்கிறது: எம்பிபிடி வோல்டேஜ் வரம்பு. முதல் தாளில் 125 முதல் 550 வோல்ட், இரண்டாவதில் 80 முதல் 560 வோல்ட். பேனல் எந்த வோல்டேஜில் அதிகத் திறன் தருகிறதோ அந்தப் புள்ளியை இன்வெர்ட்டர் ஓயாமல் தேடிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தத் தேடலை அது நடத்தக்கூடிய எல்லைதான் இந்த வரம்பு. எல்லைக்கு வெளியே நல்ல புள்ளி இருந்தால் அதனால் அங்கே போக முடியாது.

விற்பவர் போடும் கணக்கு இப்படி இருக்கும்: மூன்று பேனல், திறந்த சுற்றில் 148 வோல்ட், குறைந்த எல்லை 125, ஆகவே சரி. கொஞ்சம் கவனமானவர் 41.6ஐ மூன்றால் பெருக்கி 124.8 என்று பார்ப்பார், எல்லை 125, ஏறக்குறைய சரிதானே என்பார். இரண்டும் 25 டிகிரிக் கணக்கு. மே மாத மதியத்தில் ஒரு பேனலின் வேலை வோல்டேஜ் 35. மூன்றுக்கு 105. முதல் இன்வெர்ட்டர் 105க்கு இறங்க முடியாமல் 125லேயே நின்றுவிடும்.

இருபது வோல்ட்தானே, எவ்வளவு இழப்பு வந்துவிடும் என்று தோன்றலாம். இங்கேதான் பேனலின் வளைகோட்டைப் பார்க்க வேண்டும். சூடான அந்த ஸ்ட்ரிங்கின் திறந்த சுற்று வோல்டேஜே 130தான். திறந்த சுற்றில் மின்னோட்டம் பூஜ்யம். 125 என்பது அந்தப் பூஜ்யத்துக்கு ஐந்து வோல்ட் பக்கத்தில் இருக்கிறது. உச்சப் புள்ளியைத் தாண்டிய பிறகு வளைகோடு மலைச்சரிவாக இறங்குவதால், 125 வோல்ட்டில் மின்னோட்டம் 13 ஆம்பியருக்குப் பதில் ஏறக்குறைய 4 ஆம்பியர்தான் இருக்கும். திறனாகச் சொன்னால், 105 வோல்ட்டில் 1,360 வாட் தந்திருக்கவேண்டிய மூன்று பேனல்கள் 500 வாட் அளவுக்குத்தான் தரும். அதுவும் வெயில் நன்றாக அடிக்கும் நேரத்தில். இன்வெர்ட்டர் எந்தப் பிழைச் செய்தியும் காட்டாது, பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அதனால்தான் இந்தக் கோளாறு வருடக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் இருந்துவிடுகிறது.

ஏற்கெனவே பொருத்திவிட்ட வீடுகளில் இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. இன்வெர்ட்டரின் கைபேசிச் செயலியில் ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் வோல்டேஜ், மின்னோட்டம் இரண்டையும் தனித்தனிக் கோடாகப் பார்க்கலாம். நல்ல ஸ்ட்ரிங்கில் வோல்டேஜ் கோடு வெயிலுக்கும் சூட்டுக்கும் ஏற்ப ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், மின்னோட்டம் மதியத்தில் மேடாக இருக்கும். எல்லையில் மாட்டிக்கொண்ட ஸ்ட்ரிங்கில் வோல்டேஜ் ஒரே எண்ணில் அடித்துவைத்தது போல் நேர்க்கோடாக நிற்கும். மின்னோட்டம் காலையில் ஏறி, சூடு ஏறும் நேரத்தில் குழி விழுந்து, காற்று வீசினாலோ மேகம் வந்து பேனல் ஆறினாலோ மறுபடி மேலே வரும். வெயில் கூடும்போது குறைந்து, மேகத்துக்குப் பின் கூடுகிறது என்றால் வேறு காரணம் தேட வேண்டாம்.

இதே வரிக்குக் கீழே சில தாள்களில் முழுத்திறன் எம்பிபிடி வரம்பு என்று இன்னொரு வரி இருக்கும். இன்வெர்ட்டர் தன் 5,000 வாட்டையும் தரக்கூடிய குறுகிய வரம்பு அது. இல்லாவிட்டால் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்: இரண்டு உள்ளீடுகளும் ஆளுக்கு 12.5 ஆம்பியர் என்றால் மொத்தம் 25 ஆம்பியர், 5,000ஐ 25ஆல் வகுத்தால் 200 வோல்ட். இரண்டு ஸ்ட்ரிங்குகளும் அதற்கு மேல் இருந்தால்தான் முழுத்திறன் கிடைக்கும். உங்கள் அமைப்பில் வெயில் காலத்தில் இரண்டு ஸ்ட்ரிங்கும் சேர்ந்தே 4,500 வாட் சுற்றித்தான் வரும் என்பதால் இதை விட்டுவிடலாம்.

மேல் எல்லையையும் அதற்கு மேலே இருக்கும் அதிகபட்ச டிசி வோல்டேஜையும் நீங்கள் தொடவே போவதில்லை. இரண்டு இன்வெர்ட்டருக்கும் அது 600 வோல்ட். உங்கள் ஏழு பேனல் ஸ்ட்ரிங் 370ஐத் தாண்டாது. ஆனாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தாளில் உள்ள வோல்டேஜ் எல்லைகளில் மன்னிப்பே இல்லாத எல்லை இது. மற்றவற்றைத் தாண்டினால் உற்பத்தி குறையும், இதைத் தாண்டினால் இன்வெர்ட்டர் போய்விடும். இதைக் குளிருக்குக் கணக்கிட வேண்டும், சூட்டுக்கு அல்ல. ஊட்டியில் யாராவது உங்கள் தாளை வைத்துப் பன்னிரண்டு பேனலை ஒரே ஸ்ட்ரிங்காகக் கோத்தால், 25 டிகிரியில் 594 வோல்ட் என்று பொருந்துவதுபோல் தெரியும். உறைபனிக் காலையில் அது 630ஐத் தாண்டும்.

அடுத்தது மின்னோட்டம். இங்கே ஒரே மாதிரி பெயருள்ள இரண்டு வரிகள் இருக்கும், இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். ஒன்று அதிகபட்ச உள்ளீட்டு மின்னோட்டம்: முதல் தாளில் 12.5, இரண்டாவதில் 16 ஆம்பியர். மற்றொன்று அதிகபட்ச குறுக்குச் சுற்று மின்னோட்டம்: 15, 20.

முதல் எண், இன்வெர்ட்டர் எவ்வளவு மின்னோட்டத்தை இழுத்துப் பயன்படுத்தும் என்பது. பேனலிடம் அதற்கு மேல் இருந்தால் இன்வெர்ட்டர் எரிந்துவிடாது. வோல்டேஜை உச்சப் புள்ளியிலிருந்து சற்று மேலே நகர்த்திக்கொண்டு 12.5லேயே நிற்கும். உங்கள் பேனல் 12.97 தருகிறது. நான்கு சதவீதம் போய்விடும் என்று நினைக்க வேண்டாம், உச்சப் புள்ளிக்கு அருகில் திறன் ஏறக்குறைய சமதளமாக இருப்பதால் மின்னோட்டம் குறைவதைக் கூடும் வோல்டேஜ் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். இழப்பு ஒரு சதவீதம் அளவுதான், அதுவும் வெயில் உச்சத்தில் இருக்கும் சில மணி நேரத்துக்கு மட்டும். ஆகவே 12.97ஐ 12.5இல் மாட்டலாமா என்று கேட்டால், ஒருபக்கப் பேனலாக இருந்தால் மாட்டலாம் என்பேன். இருபக்கப் பேனல் என்றால் கதை வேறு. மாடியில் வெள்ளைக் குளிர்ச்சி ஓடு பதித்திருந்தால் பின்பக்கமிருந்து ஐந்து, பத்து சதவீதம் மின்னோட்டம் கூடும், 14 ஆம்பியரைத் தாண்டும். பெரிய 210 மில்லிமீட்டர் செல் கொண்ட 600 வாட் பேனல்களோ 17 ஆம்பியருக்கு மேல் தருபவை. அவற்றை 12.5 ஆம்பியர் உள்ளீட்டில் மாட்டினால் வாங்கிய பேனலில் கால் பங்கைக் கூரையிலேயே விட்டுவிடுவதற்குச் சமம்.

இரண்டாவது எண் பாதுகாப்பு எல்லை. உள்ளே இருக்கும் ஏதோ ஒரு ஸ்விட்ச் பழுதாகிக் குறுக்குச் சுற்று ஏற்பட்டாலோ, பொருத்தும்போது முனைகளை மாற்றி மாட்டினாலோ பேனல் தன் முழுக் குறுக்குச் சுற்று மின்னோட்டத்தையும் பாய்ச்சும். அதைத் தாங்கும் அளவு எவ்வளவு என்பதுதான் இந்த வரி. இதைத் தாண்டிப் பேனல் மாட்டினால் உத்தரவாதம் போகும். மேகத்தின் விளிம்பிலிருந்து எதிரொளிக்கும் வெயில் சில நிமிடங்களுக்கு ஆய்வக அளவையும் தாண்டும் என்பதால், பேனலின் குறுக்குச் சுற்று மின்னோட்டத்தை 1.25ஆல் பெருக்கிப் பார்ப்பது வழக்கம். 13.86ஐ அப்படிப் பெருக்கினால் 17.3. முதல் இன்வெர்ட்டரின் 15க்கு அது மேலே, இரண்டாவதின் 20க்குக் கீழே. முதல் வரியில் நான் விட்டுக்கொடுப்பேன், இந்த வரியில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தாளில் 16/16 என்று இருப்பதற்கும் 16/32 என்று இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டையும் கவனியுங்கள். முதலாவது, இரண்டு எம்பிபிடிக்கும் ஆளுக்கு 16. இரண்டாவதில் ஒரு எம்பிபிடிக்கு இரண்டு ஸ்ட்ரிங்கை இணையாக மாட்ட இடம் இருக்கிறது. வெளியே இரண்டு ஜோடி கனெக்டர் இருப்பதால் மட்டும் இரண்டு மடங்கு மின்னோட்டம் போகும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இப்போது விற்பவரின் அரை சதவீதம். தாளில் பெரிய எழுத்தில் இருப்பது அதிகபட்ச செயல்திறன். ஒரு குறிப்பிட்ட வோல்டேஜில், ஒரு குறிப்பிட்ட சுமையில் மட்டும் தொடும் சிகரம் அது, அதற்குப் பெரிய மதிப்பில்லை. எடையிட்ட செயல்திறன் அதைவிட நேர்மையானது. காலை, மாலை, மேகம் எல்லாம் சேர்ந்து இன்வெர்ட்டர் அதிக நேரம் பகுதிச் சுமையில்தான் ஓடுகிறது என்பதால், வெவ்வேறு சுமைகளில் செயல்திறனை அளந்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை கொடுத்துக் கூட்டுகிறார்கள். தாளில் யூரோ செயல்திறன் என்று வரும் ஐரோப்பிய முறை இது:

```
ηEU = 0.03·η5 + 0.06·η10 + 0.13·η20
    + 0.10·η30 + 0.48·η50 + 0.20·η100
```

இங்கே η50 என்பது பாதிச் சுமையில் செயல்திறன். உங்கள் இரண்டாவது தாளின் வளைகோட்டிலிருந்து படித்தால் 5 சதவீதச் சுமையில் 90, 10இல் 94.5, 20இல் 96.6, 30இல் 97.2, 50இல் 97.6, முழுச் சுமையில் 97.2. கூட்டினால் 96.9, தாளில் சொன்னதுதான்.

ஐரோப்பிய எடைகள் மத்திய ஐரோப்பாவின் மங்கலான வானத்துக்கு வைத்தவை. கலிஃபோர்னியா எரிசக்தி ஆணையத்தின் முறை வேறு. அது 75 சதவீதச் சுமைக்கு மட்டும் 0.53 எடை தருகிறது, 5 சதவீதச் சுமையைக் கணக்கிலேயே எடுப்பதில்லை:

```
ηCEC = 0.04·η10 + 0.05·η20 + 0.12·η30
     + 0.21·η50 + 0.53·η75 + 0.05·η100
```

75இல் 97.5 என்று வைத்து அதே இன்வெர்ட்டருக்குக் கணக்கிட்டால் 97.3 வருகிறது. பெட்டிக்குள் எதுவும் மாறவில்லை, எடை மாறியதால் எண் 0.4 ஏறிவிட்டது. ஒருவரின் ஐரோப்பிய எண்ணையும் மற்றவரின் கலிஃபோர்னிய எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது என்பது இதனால்தான். நம் ஊர் வெயிலுக்குக் கலிஃபோர்னிய எடைகளே நெருக்கமானவை என்பது என் கருத்து.

இன்னொரு விஷயம், இந்த எண்கள் எந்த டிசி வோல்டேஜில் அளந்தவை? தாளில் மதிப்பிட்ட வோல்டேஜ் என்று ஒரு வரி இருக்கும், ஒற்றைக் கட்ட இன்வெர்ட்டர்களில் 360 வோல்ட் அளவில். 230 வோல்ட் ஏசியின் உச்சம் 325 வோல்ட் என்பதால், அதற்குக் கீழே உள்ள டிசியை உள்ளே ஒரு சுற்று உயர்த்திக் கொடுக்க வேண்டும். எவ்வளவு உயர்த்த வேண்டுமோ அவ்வளவு இழப்பு. உங்கள் ஏழு பேனல் ஸ்ட்ரிங் 245லிருந்து ஏற வேண்டும், மூன்று பேனல் ஸ்ட்ரிங் 105லிருந்து. அதில் எளிதாக ஒரு சதவீதம் போகும். தாளில் மூன்று வோல்டேஜுக்கு மூன்று வளைகோடு வரைந்திருந்தால் கீழே உள்ள கோட்டைப் பாருங்கள், அதுதான் உங்களுடையது.

ரூபாயில் வேண்டாம், யூனிட்டில் பார்ப்போம். 5.4 கிலோவாட் பேனல் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 7,500 யூனிட் தருவதாக வைத்தால், அரை சதவீதம் என்பது 37 யூனிட். முதல் இன்வெர்ட்டரில் மூன்று பேனல் ஸ்ட்ரிங் தர வேண்டிய சுமார் 2,200 யூனிட்டில் கால் பங்கு போனாலே 550 யூனிட். 37ஐச் சேமிக்க 550ஐக் கொடுக்கச் சொல்கிறார் விற்பவர்.

ஆகவே உங்கள் கூரை இப்போதிருக்கும்படியே இருந்தால் இரண்டாவது இன்வெர்ட்டரை எடுங்கள். முதலாவதைத்தான் எடுக்க வேண்டிய கட்டாயம் என்றால், மேற்குப் பக்கம் நான்காவது பேனலுக்கு இடம் கிடைக்கிறதா என்று அளந்து பாருங்கள். நான்கு இருந்தால் 70 டிகிரியிலும் 140 வோல்ட் நிற்கும், 125க்குத் தாராளமாக மேலே. தெற்கில் ஆறு பேனல் 210 வோல்ட்டில் நன்றாகவே ஓடும். ஆனால் 15 ஆம்பியர் குறுக்குச் சுற்று எல்லை அப்படியேதான் இருக்கும், இந்தப் பேனலுக்கு உத்தரவாதம் செல்லும் என்று தயாரிப்பாளரிடமிருந்து கடிதம் வாங்காமல் பணம் கட்டாதீர்கள். பத்தையும் ஒரே ஸ்ட்ரிங்காகக் கோத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தொடரில் எல்லாப் பேனலிலும் ஒரே மின்னோட்டம்தான் ஓட முடியும், காலையில் மேற்குப் பேனல்களின் குறைந்த மின்னோட்டம் தெற்கு ஏழையும் பின்னுக்கு இழுக்கும்.

வாங்குவதற்கு முன் தாளில் எந்தப் பத்தியைப் படித்தீர்கள் என்பதையும் ஒருமுறை சரிபாருங்கள். 3 முதல் 6 கிலோவாட் வரை எல்லா மாடலையும் ஒரே தாளில் அடுத்தடுத்த பத்திகளில் அச்சிடுகிறார்கள். உள்ளீட்டு மின்னோட்டமும் எம்பிபிடிகளின் எண்ணிக்கையும் பத்திக்குப் பத்தி மாறலாம். சிறிய மாடல்களில் எம்பிபிடி ஒன்றே இருப்பதும் உண்டு. பழைய பதிப்பில் 12.5 என்றிருந்த மாடல் புதிய பதிப்பில் 16 ஆகியிருக்கலாம். தாளின் மூலையில் உள்ள பதிப்பு எண்ணையும், வரும் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தகட்டில் உள்ள எண்களையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே சுவரில் மாட்டச் சொல்லுங்கள்.